குறைந்தபட்ச ஆதார விலை: அறிவிப்பும் அதன் எல்லைகளும்

ஒவ்வோர் ஆண்டும் காரிப் பருவ விதைப்புக்கு முன்னர் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலைகளை அறிவிக்கின்றது. 2025-26 ஆம் ஆண்டுக்கான அறிவிப்பு 2025 மே 28 அன்று வெளியாயிற்று. அதன்படி நிலக்கடலைக் காய்க்குக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாயும், சாதாரண ரக நெல்லுக்கு 2,369 ரூபாயும் விலையாக நிர்ணயிக்கப்பட்டன. செய்தித்தாள்களிலும் வானொலியிலும் இந்த எண்கள் வெளிவருகின்றன; கிராமத் தகவல் பலகைகளிலும் எழுதப்படுகின்றன. ஆனால் எண்ணைப் படித்த விவசாயியின் மனத்தில் எழும் இரு வினாக்களுக்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை. இந்த விலைக்கு வாங்குபவர் யார்? எவ்வளவு வாங்குவார்?

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள பாலசமுத்திரம் வட்டாரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது இந்த வட்டாரம் சித்தூருடனேயே நின்றது. ஏரி, கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும், மானாவாரி மேட்டு நிலங்களில் நிலக்கடலையும், அவற்றுக்கிடையே மாந்தோப்புகளும் இந்நிலப்பகுதியின் இயல்பு. இந்த நான்கு பயிர்களையும் அரசின் விலைக் கொள்கை நான்கு வேறு விதமாக நடத்துகின்றது. ஆகவே ஆதார விலையின் பொருளை இங்கு தெளிவாகக் காண முடிகின்றது.

இரு விலைகள் ஒன்றான வரலாறு

எல்.கே. ஜா தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து, 1965 ஜனவரியில் வேளாண் விலைகள் குழு அமைக்கப்பட்டது. 1985 இல் அது வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் குழு எனப் பெயர் மாற்றம் பெற்றது. தொடக்க ஆண்டுகளில் தானியங்களுக்கு இரு விலைகள் இருந்தன. விதைப்புக்கு முன் அறிவிக்கப்பட்டது ஆதார விலை. சந்தை விலை சரிந்தால் தாங்கிப் பிடிக்கும் அடித்தளம் அது. அறுவடையின்போது, பொது விநியோகத்துக்குத் தேவையான தானியத்தைத் திரட்டுவதற்காக அறிவிக்கப்பட்டது கொள்முதல் விலை. முன்னது விவசாயிக்கு அளித்த உறுதி. பின்னது அரசின் தேவை.

காலப்போக்கில் இவ்விரண்டும் ஒரே விலையாயின. சொற்களும் கலந்துவிட்டன. நெல், கோதுமை இரண்டிலும் அரசு பெருமளவு கொள்முதல் செய்வதால், ஆதார விலை என்றாலே அரசு வாங்கும் விலை என்னும் எண்ணம் பரவியது. உண்மையில் ஆதார விலை 22 பயிர்களுக்கு அறிவிக்கப்படுகின்றது. பெரும் அளவிலான கொள்முதல் சில பயிர்களிலும் சில மாநிலங்களிலும் மட்டுமே நடைபெறுகின்றது. ஆதார விலையில் கொள்முதல் நிறுவனங்களுக்கு விற்கும் விவசாயக் குடும்பங்கள் ஏறத்தாழ 6 சதவிகிதமே என்று, 2012-13 ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வைக் கொண்டு சாந்தகுமார் குழு 2015 இல் எடுத்துக்காட்டியது.

விலை பிறக்கும் வகை

அறிவிக்கப்படும் எண் எவ்வாறு கிடைக்கின்றது என்பதை அறிந்தால் அதன் எல்லையும் விளங்கும். 2018-19 முதல், உற்பத்திச் செலவைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு என்ற கணக்கில் ஆதார விலை நிர்ணயிக்கப்படுகின்றது. 2025-26 இல் நிலக்கடலையின் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 4,842 ரூபாய் என்று கொள்ளப்பட்டது. அதன் ஒன்றரை மடங்கே 7,263 ரூபாய்.

இங்கு இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, விதை, உரம், கூலி, எரிபொருள் போன்ற ரொக்கச் செலவுகளும், குத்தகைக்கு எடுத்த நிலத்துக்குக் கொடுக்கும் வாரமும், குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் இந்தச் செலவில் அடங்கும். சொந்த நிலத்துக்குக் கணக்கிடப்படும் வாடகையும், சொந்த முதலுக்கான வட்டியும் இதில் அடங்குவதில்லை. அவற்றையும் சேர்த்த முழுச் செலவின் மேல் பாதி கூட்ட வேண்டும் என்பதே விவசாய அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கை.

இரண்டாவது, இது பல மாநிலங்களின் செலவுகளைச் சேர்த்து எடுத்த அகில இந்தியச் சராசரி. எந்தத் தனி விவசாயியின் செலவும் அன்று. ஒருவர் மானாவாரி நிலத்தில் ஏக்கருக்கு 25,000 ரூபாய் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 5 குவிண்டால் கண்டால் குவிண்டாலுக்கான செலவு 5,000 ரூபாய். ஆதார விலை அவருக்கு இலாபம் தரும். பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் மழை பொய்த்து விளைச்சல் 3 குவிண்டாலாகக் குறைந்தால், குவிண்டாலுக்கான செலவு 8,333 ரூபாய் ஆகிவிடும். அந்த ஆண்டில் ஆதார விலை முழுமையாகக் கிடைத்தாலும் அவருக்கு இழப்பே. ஆதார விலை என்பது விலைக்கான ஏற்பாடு. விளைச்சலுக்கோ வருமானத்துக்கோ அன்று. விளைச்சல் இழப்புக்குப் பயிர்க் காப்பீட்டையே நாட வேண்டும்.

கொள்முதல் தொடங்கும் முறை

நிலக்கடலைக்கு ஆதார விலை அறிவிக்கப்பட்டதனால் மட்டும் எங்கும் கொள்முதல் நிலையம் திறக்கப்படுவதில்லை. எண்ணெய் வித்துகளும் பருப்பு வகைகளும் விலை ஆதரவுத் திட்டத்தின் கீழ் வாங்கப்படுகின்றன; 2018 முதல் இது பிரதம மந்திரியின் 'ஆஷா' என்னும் ஒருங்கிணைந்த திட்டத்தின் ஒரு பகுதி. இதன்படி, சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே இறங்கும்போது மாநில அரசு மத்திய அரசுக்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும். சந்தைக் கட்டண விலக்கு, சாக்குகள், மாநில முகமைக்கான நடைமுறை மூலதனம் ஆகியவற்றுக்கு மாநில அரசு பொறுப்பேற்க வேண்டும். ஒப்புதல் கிடைத்த பின்னரே நாஃபெட் போன்ற மத்திய நிறுவனத்தின் சார்பில், ஆந்திரத்தில் மார்க்ஃபெட் வாயிலாக, கொள்முதல் தொடங்கும். கொள்முதலுக்கென 90 நாட்கள் வரையறுக்கப்படுவது வழக்கம்.

இம்முறையில் காலமே விவசாயிக்குப் பெருந்தடை. ஜூன், ஜூலையில் விதைத்த மானாவாரிக் கடலை அக்டோபர், நவம்பரில் களத்துக்கு வருகின்றது. விலை சரிந்தது உறுதியாகி, முன்மொழிவு சென்று, ஒப்புதல் வந்து, நிலையம் திறப்பதற்குள் சில வாரங்கள் கடந்துவிடக்கூடும். விதைக் கடனையும் கூலி பாக்கியையும் தீர்க்க வேண்டிய சிறு விவசாயி அதற்குள் களத்திலேயே விற்றுவிடுகிறார். பின்னர் திறக்கும் நிலையத்தில், காத்திருக்க வசதி உள்ளவரின் சரக்கே வந்து சேர்கின்றது.

அளவுக்கு உள்ள வரம்புகள்

நிலையம் திறந்த பின்னும் மூன்று வரம்புகள் உள்ளன. முதலாவது மொத்த அளவு. 2024-25 பருவம் முதல் இத்திட்டத்தின் கீழ் வாங்கும் அளவுக்கு, அந்தப் பயிரின் தேசிய உற்பத்தியில் 25 சதவிகிதம் என்ற உச்சவரம்பு வகுக்கப்பட்டுள்ளது. நாட்டில் 100 இலட்சம் டன் நிலக்கடலை விளைந்தால் 25 இலட்சம் டன் வரையில் வாங்க இடமுண்டு. எஞ்சிய 75 இலட்சம் டன் சந்தையிலேயே விலைபோக வேண்டும். அந்த 25 சதவிகிதத்துக்குள்ளும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒப்புதல் அளிக்கப்படும் அளவு தனி. அது நிறைவடைந்தால், கூடுதல் ஒப்புதல் பெறாமல், பதிவு செய்து காத்திருப்பவரிடமும் வாங்க இயலாது.

இரண்டாவது, தனி விவசாயிக்கான அளவு. ஒரு நாளில் ஒருவரிடம் இவ்வளவு குவிண்டால் என்றும், பதிவான பரப்புக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்றும் வரம்பு விதிக்கப்படுகின்றது. வியாபாரிகள் விவசாயியின் பெயரில் தங்கள் சரக்கை நுழைத்துவிடாமல் தடுப்பதே இதன் நோக்கம். ஆயினும் நல்ல விளைச்சல் கண்ட விவசாயி, தம் சொந்த விளைச்சலில் ஒரு பகுதியை வெளியில் விற்க வேண்டிய நிலையும் இதனால் ஏற்படலாம்.

மூன்றாவது, பதிவு. ஆந்திரத்தில் எந்த நிலத்தில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பில் உள்ளது என்பது 'ஈ-கிராப்' என்னும் மின்னணுப் பயிர்ப் பதிவில் ஏற்றப்படுகின்றது. கொள்முதலுக்கு அப்பதிவே ஆதாரம். பயிர் நிற்கும்போது பதிவு செய்யத் தவறினால், அறுவடைக்குப் பின் சரிசெய்வது கடினம். குத்தகைதாரருக்கு இதில் கூடுதல் இடர் உண்டு. 2019 ஆம் ஆண்டின் ஆந்திரப் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டத்தின் கீழ், 11 மாதங்களுக்குச் சாகுபடியாளர் அட்டை பெற வழி உள்ளது. அட்டை இல்லாதவரின் விளைச்சல் நில உரிமையாளரின் பெயரில் பதிவானால், விற்பனைத் தொகையும் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே செல்லும்.

எல்லைப்புற வட்டாரமான பாலசமுத்திரத்துக்கு இது தனிப் பொருள் உடையது. அருகிலுள்ள தமிழகச் சந்தைகளில் வியாபாரியிடம் சரக்கை விற்பது எளிது. ஆனால் தமிழ்நாட்டின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் தமிழ்நாட்டின் சிட்டா, அடங்கலை அடிப்படையாகக் கொண்டே நெல் வாங்குகின்றது. ஆந்திர நிலத்தில் விளைந்ததற்கு அங்கு இடமில்லை. அறிவிக்கப்பட்ட விலை நாடு முழுவதற்கும் ஒன்றே; அதைப் பெறும் உரிமை மாநிலப் பதிவேட்டுடன் கட்டுண்டது.

தரமும் எடையும்

ஆதார விலை 'நியாயமான சராசரித் தரம்' உடைய விளைபொருளுக்கு மட்டுமே உரியது. நிலக்கடலைக் காயில் ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்கு மேற்படக் கூடாது. நூறு கிலோ காயை உடைத்தால் 65 கிலோ பருப்பேனும் தேற வேண்டும். மண், கல், கொடி, வேர் ஆகியவற்றுக்கும், சூம்பிய, சேதமுற்ற காய்களுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. நெல்லுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவிகிதம்.

நிலையத்துக்கு வண்டி பிடிக்கும் முன்னர் இவற்றை வீட்டிலேயே ஓரளவு சோதிக்க இயலும். நன்கு காய்ந்த காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு உள்ளே ஒலிக்கும். பருப்பைத் தேய்த்தால் மேல்தோல் எளிதில் கழன்றுவிடும். குவியலின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்தும் காயெடுத்துக் கலந்து, 200 கிராம் நிறுத்து உடைத்துப் பருப்பை எடை போட வேண்டும். 130 கிராம் இருந்தால் தரம் தேறும். 120 கிராம் இருந்தால் சூம்பிய காய்களைப் பொறுக்கி நீக்கிய பின்னரே கொண்டு செல்ல வேண்டும்.

தர விதியில் ஒரு முரண் அடங்கியுள்ளது. மழை பொய்த்த ஆண்டில் பருப்பு திரளாமல் காய் சூம்புகின்றது. அறுவடையின்போது மழை பிடித்தால் காய் பூஞ்சணம் பிடிக்கின்றது. இரண்டு நிலையிலும் விளைச்சல் குறைவதோடு தரமும் தவறிவிடுகின்றது. விவசாயிக்கு ஆதரவு மிகுதியாகத் தேவைப்படும் ஆண்டிலேயே அவருடைய சரக்கு ஆதார விலைக்குத் தகுதி இழக்கின்றது. சில ஆண்டுகளில் அரசு தர வரம்புகளைத் தளர்த்தியுள்ளது; ஆனால் அது அந்தந்த ஆண்டின் தனி ஆணையைப் பொறுத்தது.

ஒரு கணக்கு

இவை யாவும் சேர்ந்து விவசாயியின் கைக்கு வரும் தொகையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஓர் உத்தேசக் கணக்கால் காணலாம். களத்தில் 1,500 கிலோ காய் உள்ளது. ஈரப்பதம் 12 சதவிகிதம். வியாபாரி இருந்த நிலையிலேயே குவிண்டாலுக்கு 6,300 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஆதார விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 963 ரூபாய். பதினைந்து குவிண்டாலுக்கு 14,445 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று மேலோட்டமாகத் தோன்றுகின்றது.

மண்ணும் சூம்பலும் நீக்கும்போது 50 கிலோ கழிகின்றது என்போம். எஞ்சுவது 1,450 கிலோ. அதை 12 சதவிகித ஈரத்திலிருந்து 8 சதவிகிதத்துக்கு உலர்த்தினால் எடை 1,387 கிலோவாகக் குறையும். அதற்கு ஆதார விலையில் கிடைப்பது ஏறத்தாழ 1,00,738 ரூபாய். வியாபாரி தருவது 94,500 ரூபாய். வேறுபாடு 6,238 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. ஏற்றுகூலி, வண்டி வாடகை 2,500 ரூபாய் எனக் கொண்டால் 3,738 ரூபாய் எஞ்சும். நிலையம் திறந்து பணம் வருவதற்கு ஒரு மாதம் ஆகி, அதுவரை 94,500 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி கொடுக்க நேர்ந்தால் 1,890 ரூபாய் மேலும் குறையும். இறுதியில் கிடைக்கும் ஆதாயம் 1,848 ரூபாய்.

இதனால் கொள்முதல் பயனற்றது என்று முடிவு செய்துவிடலாகாது. அதே வியாபாரி 5,500 ரூபாய்தான் தருவார் எனில், அவரிடம் கிடைப்பது 82,500 ரூபாய். இதே செலவுகளையும், அத்தொகைக்குரிய வட்டி 1,650 ரூபாயையும் கழித்த பின்னரும், நிலையத்தில் விற்பவருக்கு 14,088 ரூபாய் ஆதாயம் நிற்கும். அதாவது சந்தை சிறிதளவு தாழ்ந்திருக்கும்போது ஆதார விலையின் பயன் சிறிது. பெரிதும் சரியும்போதே பயன் பெரிது. அடித்தள விலை என்பதன் பொருள் இதுவே.

உறுதி தராதவை

ஆதார விலைக்குக் கீழ் வாங்குவது தனியார் வியாபாரிக்குக் குற்றமன்று. ஆதார விலை அரசின் கொள்கை அறிவிப்பு. அதற்குச் சட்ட வலிமை இல்லை. இதைக் கரும்புடன் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 1966 ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, மத்திய அரசு நிர்ணயிக்கும் விலையை ஆலை கொடுத்தே தீர வேண்டும். கரும்பைப் பெற்ற 14 நாட்களுக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 15 சதவிகித வட்டியும் சேரும். அங்கு விவசாயிக்கு உரிமை உள்ளது. எனினும் அந்த உரிமையும் கரும்பை வாங்க ஓர் ஆலை இயங்கும் இடத்தில் மட்டுமே பயன்படும்.

பட்டியலில் இல்லாத பயிருக்கு ஆதார விலையே கிடையாது. சித்தூர் மாவட்டத்தின் பெருவிளைச்சலான தோத்தாபுரி மாம்பழம் அத்தகையது. 2025 கோடையில் அதன் விலை சரிந்தபோது, பழக்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும் என்றும், மாநில அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. நெருக்கடி எழுந்த பின் செய்யப்பட்ட தலையீடு அது. நடவு செய்யும்போதே தெரிந்திருக்கும் விலை அன்று.

எண்ணெய் வித்துகளில், சரக்கை வாங்காமலே விலை வேறுபாட்டை மட்டும் வழங்கும் மற்றொரு முறையும் உண்டு. மாநில அரசு அதனைத் தேர்ந்தெடுத்தால், அறிவிக்கப்பட்ட சந்தையில் விற்ற, முன்பதிவு செய்த விவசாயிக்கு வேறுபாடு வங்கிக் கணக்கில் சேரும். ஆனால் அதற்கும் ஆதார விலையில் 15 சதவிகிதம் என்ற வரம்பு உள்ளது. 7,263 ரூபாய்க்கு இது ஏறத்தாழ 1,089 ரூபாய். சந்தை விலை 5,500 ரூபாயாக இறங்கினால், இத்தொகையைச் சேர்த்தாலும் 6,589 ரூபாயே கிடைக்கும்.

எடுத்துரைக்க வேண்டியவை

ஆகவே கிராமத்தில் இந்த அறிவிப்பை எடுத்துரைக்கும் அலுவலர் விலையை மட்டும் சொல்லி நிறுத்துவது முழு உண்மையாகாது. இந்தப் பருவத்தில் கொள்முதலுக்கு ஒப்புதல் வந்துள்ளதா, எந்த நிலையம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, ஒருவரிடம் எவ்வளவு, என்ன தரம் என்பவற்றையும் உடன் சொல்ல வேண்டும். ஒப்புதல் வரவில்லை எனில், வரவில்லை என்றே சொல்ல வேண்டும். பயிர்ப் பதிவைச் சரிபார்க்கும் வேலை, பயிர் நிலத்தில் நிற்கும்போதே முடிய வேண்டியது.

விதைப்புக்கு முன் வரும் அறிவிப்பைக் கண்டு கூடுதல் பரப்பில் கடலை போடும் விவசாயி, அந்த எண்ணை நம்பியே கடன் வாங்குகிறார். அந்த எண்ணுக்கு எந்த அளவு வரையில், எந்த நிபந்தனையின்மேல் அரசு பொறுப்பேற்கின்றது என்பதை அவர் கடன் வாங்கும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் நிலைய வாயிலில் முதன்முறையாக அதை அறிய நேர்ந்தால், அப்போது அவர் செய்யக்கூடியது ஒன்றும் இராது.